டெய்லி சார்ட்டில் சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் பட்டை வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்ட் பார்க்கத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். எல்லாப் பதில்களுக்கும் நிஃப்டி 50 டெய்லி சார்ட்டையே எடுத்துக்கொண்டோம். பெரும்பாலும் 2022 செப்டம்பர் முதல் 2023 அக்டோபர் வரையிலான பகுதிதான். அந்தச் சார்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் ஒவ்வொரு படியையும் கூடவே வரைந்து பார்க்கலாம்.

சப்போர்ட்னா என்ன, ரெசிஸ்டன்ஸ்னா என்ன? விலை ஏன் அங்க போய் நிக்குது?

கீழே இறங்கி வந்த விலை, வாங்குபவர்கள் கூடியதால் மேலே திரும்பிய இடம் சப்போர்ட். மேலே ஏறிய விலை, விற்பவர்கள் கூடியதால் கீழே திரும்பிய இடம் ரெசிஸ்டன்ஸ். தமிழில் ஆதரவு நிலை, தடை நிலை என்றும் எழுதுகிறார்கள்.

அதே இடத்தில் மறுபடியும் விலை திரும்பக் காரணம் அங்கே மாட்டிக்கொண்ட மனிதர்கள். ஒரு பங்கை 500 ரூபாய்க்கு வாங்கியவர், அது 430-க்கு இறங்கியதைப் பார்த்துப் பல மாதம் தவித்திருப்பார். மறுபடி 500 வந்தால் "போட்ட காசு வந்தால் போதும்" என்று விற்றுவிடுவார். அவரைப் போலப் பல ஆயிரம் பேர் அதே விலையில் விற்க நிற்கும்போது அது ரெசிஸ்டன்ஸ் ஆகிறது. சப்போர்ட்டில் இது தலைகீழாக நடக்கும்: போன முறை அந்த விலையில் வாங்கத் தவறியவர்கள் இந்த முறை காத்திருந்து வாங்குகிறார்கள். ஆகவே சார்ட்டில் நாம் குறிப்பது, முன்பு நிறையப் பேர் முடிவெடுத்த விலையை. விலை அங்கே கட்டாயம் திரும்பும் என்று பொருள் இல்லை.

ஒரு கோடு போட்டா போதாதா? எதுக்குப் பட்டையா வரையணும்?

எல்லோரும் ஒரே பைசாவில் ஆர்டர் வைப்பதில்லை. கொஞ்சம் முந்தி வாங்குபவரும் உண்டு, இன்னும் இறங்கட்டும் என்று பொறுப்பவரும் உண்டு. அதனால் விலை திரும்பும் இடம் எப்போதும் சிறிது அகலமாகவே இருக்கும்.

நிஃப்டியையே பாருங்கள். 2022 செப்டம்பர் 30 அன்று 16,748 வரை இறங்கித் திரும்பியது. 2023 மார்ச் 20 அன்று மறுபடி இறங்கி, 16,828-லேயே திரும்பிவிட்டது. 16,748-இல் ஒற்றைக் கோடு போட்டவர், "விலை இன்னும் சப்போர்ட்டுக்கு வரவில்லை" என்று காத்துக்கொண்டே இருந்திருப்பார். கோட்டுக்கும் விலைக்கும் இடையே 80 புள்ளி இடைவெளி. நிஃப்டிக்கு அது அரை சதவீதம் கூட இல்லை. சந்தையைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே இடம்தான்.

டெய்லி சார்ட்லதான் வரையணுமா? எவ்வளவு தூரம் பின்னாடி போய்ப் பார்க்கணும்?

புதிதாகக் கற்பவருக்கு டெய்லி சார்ட்தான் வசதி. ஒரு கேண்டில் என்பது ஒரு முழு நாள் வர்த்தகம். 5 நிமிட சார்ட்டில் ஒரே நாளில் பத்து இடத்தில் விலை திரும்பும், அவற்றில் பெரும்பாலானவை மறுநாளே மறந்துபோகும். டெய்லியில் தெரியும் திருப்பம் பல நாள் கொள்முதலாலும் விற்பனையாலும் உருவானது.

சுமார் 12 முதல் 18 மாதம் வரை திரையில் தெரியும்படி சார்ட்டைச் சுருக்குங்கள். தனித்தனிக் கேண்டில்கள் மெலிந்து, மலையும் பள்ளமும் மட்டும் தெரிய வேண்டும். கேண்டில்கள் பெரிதாகத் தெரிகிற அளவுக்கு நெருங்கிப் போனால் சின்னச் சின்ன ஏற்ற இறக்கமெல்லாம் முக்கியமாகத் தோன்றும். தேவையில்லாத பட்டைகள் விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

எந்த இடத்துல வரையணும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்கு எல்லா இடமும் சப்போர்ட் மாதிரியே தெரியுது.

விலை திரும்பிய இடத்தைப் பார்க்காமல், திரும்பிய பிறகு எவ்வளவு தூரம் போனது என்று பாருங்கள். இரண்டு மூன்று நாள் தள்ளாடிவிட்டு மறுபடி பழைய வழியிலேயே போனால் அது திருப்பம் இல்லை. பல வாரம் நீடிக்கும் ஓட்டம் தொடங்கிய புள்ளிதான் நமக்கு வேண்டும்.

16,748-இல் திரும்பிய நிஃப்டி 2022 டிசம்பர் 1 அன்று 18,888-ஐத் தொட்டது. இரண்டு மாதத்தில் 2,100 புள்ளிகளுக்கு மேல் ஏற்றம். அந்த ஓட்டத்தின் தொடக்கத்தில் ஒரு பட்டை, முடிவில் ஒரு பட்டை. நடுவே நவம்பரில் இரண்டு மூன்று நாள் நின்று போன இடங்களைத் தொட வேண்டாம். நிஃப்டி மாதிரி ஒரு குறியீட்டில் திருப்பத்துக்குப் பிறகு குறைந்தது 4, 5 சதவீதம் நகர்ந்திருந்தால் குறித்துக்கொள்ளலாம். வேகமாக ஏறி இறங்கும் சிறிய நிறுவனப் பங்குகளுக்கு 10 சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள். இவை வேலைக்கான அளவுகோல்கள்தான். நீங்கள் பார்க்கும் பங்கின் போக்கைப் பொறுத்துக் கூட்டிக் குறைக்கலாம்.

பட்டையோட மேல் விளிம்பு, கீழ் விளிம்பு எங்க வரணும்? விக்ல வைக்கணுமா, பாடிலயா?

இரண்டிலும்தான். விக்கின் நுனி ஒரு விளிம்பு, பாடியின் ஒரு முனையான குளோசிங் விலை மறு விளிம்பு. விக் என்பது அன்று விலை எட்டிப் பார்த்த எல்லை. குளோசிங் என்பது அன்றைய சண்டை முடிந்து விலை தங்கிய இடம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எதிர்த்தரப்பு உள்ளே வந்திருக்கிறது.

சப்போர்ட்டுக்கு, அந்தப் பள்ளத்தில் உள்ள கேண்டில்களில் மிகத் தாழ்ந்த விக் நுனி கீழ் விளிம்பு. அதே பள்ளத்தில் மிகத் தாழ்ந்த குளோசிங் மேல் விளிம்பு. இரண்டும் ஒரே நாளில் இருக்க வேண்டும் என்பதில்லை. 2022 செப்டம்பரில் தாழ்ந்த விக் 30-ஆம் தேதி, 16,748. தாழ்ந்த குளோசிங் அதற்கு முந்தைய நாள், 16,818. ஆக முதல் பட்டை 16,748 முதல் 16,818 வரை.

ரெசிஸ்டன்ஸுக்கு இதையே தலைகீழாகச் செய்யுங்கள். 2022 டிசம்பர் 1 அன்று உயர்ந்த விக் 18,888, அன்றைய குளோசிங் 18,812. அந்த உச்சியில் அதைவிட உயர்ந்த குளோசிங் இல்லை. ஆகவே பட்டை 18,812 முதல் 18,888 வரை, 76 புள்ளி அகலம்.

சரி, ஆப்ல எப்படி வரையறது? படிப்படியா சொல்லுங்க.

TradingView சார்ட்டிலோ, அதைப் பயன்படுத்தும் புரோக்கர் ஆப்பிலோ டைம்ஃபிரேமை `1D` என்று வையுங்கள். இடப்பக்கக் கருவிகளில் `Rectangle` என்பதைத் தேர்ந்தெடுங்கள். திருப்பம் நடந்த கேண்டிலில் தொடங்கி, வலப்பக்கம் இன்றைய தேதியையும் தாண்டி இழுத்து விடுங்கள்.

கையால் இழுத்த விளிம்பு அநேகமாகச் சரியான விலையில் நிற்காது. பட்டையை இருமுறை கிளிக் செய்தால் வரும் அமைப்பில் `Coordinates` பகுதி இருக்கும். மேல், கீழ் விலைகளை அங்கே எண்ணாகவே தட்டச்சு செய்துவிடுங்கள். கேண்டிலின் ஹை, லோ, குளோஸ் விலைகள் அதன்மேல் கர்சரை வைத்தால் சார்ட்டின் மேல் ஓரத்தில் தெரியும். பட்டையின் நிறத்தை நன்றாக வெளிற வையுங்கள். அடர்த்தியான நிறம் போட்டால் உள்ளே இருக்கும் கேண்டில்கள் மறைந்துபோகும், பட்டைக்குள் விலை என்ன செய்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம்.

ரெண்டாவது தடவை விலை வந்தப்போ என் பட்டையைத் தொடாமலே திரும்பிடுச்சு. பட்டை தப்பா?

தப்பில்லை. முதல் திருப்பத்தை வைத்து வரைந்தது முதல் மதிப்பீடு மட்டுமே. மேலே வரைந்த 16,748–16,818 பட்டைக்கும் இதுதான் நடந்தது: மார்ச் 20 அன்று நிஃப்டி 16,828-இல் திரும்பியது, பட்டைக்கு 10 புள்ளி மேலே. அந்த மார்ச் பள்ளத்தில் மிகத் தாழ்ந்த குளோசிங் 24-ஆம் தேதி, 16,945.

இப்போது பட்டையைத் திருத்துகிறோம். கீழ் விளிம்பு 16,748-லேயே இருக்கட்டும், மேல் விளிம்பை 16,945 வரை உயர்த்துங்கள். அகலம் சுமார் 200 புள்ளி, அதாவது 1.2 சதவீதம். அந்த நாட்களில் நிஃப்டி ஒரே நாளில் 150 முதல் 250 புள்ளி வரை ஆடுவது சாதாரணமாக இருந்தது, எனவே இந்த அகலம் பொருத்தம்தான்.

எந்தப் பங்குக்கும் இந்தச் சோதனையைச் செய்துபாருங்கள். கடைசி 14 நாட்களில் ஒவ்வொரு நாளும் ஹைக்கும் லோவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டி 14-ஆல் வகுங்கள். பட்டை அந்தச் சராசரியைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் அகலமாகிவிட்டால், நீங்கள் இரண்டு வேறு திருப்பங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறீர்கள். அவற்றைப் பிரித்து இரண்டு பட்டைகளாக வரையுங்கள்.

எத்தனை தடவை தொட்டிருந்தா அது நல்ல பட்டை? நிறையத் தொட்டா ரொம்ப வலுவானதுன்னு சொல்றாங்களே?

இரண்டு தெளிவான திருப்பங்கள் இருந்தால் பட்டையை நம்பத் தொடங்கலாம். அந்த இரண்டுக்கும் நடுவே சில வாரமாவது இடைவெளி வேண்டும். அடுத்தடுத்த நான்கு நாள் ஒரே விலையில் லோ வைத்தால் அது நான்கு தொடுதல் இல்லை, ஒன்றுதான். வரலாற்று உச்சியாக இருந்தால் ஒரு திருப்பமே போதும், ஏனென்றால் அங்கே வாங்கி மாட்டியவர்கள் அத்தனை பேரும் அந்த விலைக்காகக் காத்திருப்பார்கள்.

தொடத் தொட வலுவாகும் என்ற பேச்சை அப்படியே ஏற்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் விலை பட்டைக்கு வரும்போது அங்கே காத்திருந்த ஆர்டர்களில் ஒரு பகுதி தீர்ந்துபோகிறது. தொடுதல்களுக்கு இடையிலான இடைவெளி குறைந்து, ஒவ்வொரு முறை திரும்பும்போதும் விலை முன்பைவிடக் குறைந்த தூரமே விலகிப்போகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் பட்டை தேய்ந்துகொண்டிருக்கிறது. ஐந்தாவது தொடுதலைப் பார்த்து அதிக நம்பிக்கையோடு வாங்குபவர்தான் இங்கே அடிபடுகிறார்.

என் சார்ட்ல பதினஞ்சு பட்டை ஆயிடுச்சு. எதை வெச்சுக்கறது, எதை அழிக்கறது?

இன்றைய விலைக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு. அதற்கு மேல் தேவைப்படுவது அரிது. பதினைந்து பட்டைகள் இருந்தால் விலை எங்கே திரும்பினாலும் ஏதோ ஒரு பட்டையில் திரும்பியதாகத் தெரியும், அதிலிருந்து நீங்கள் எதையும் கற்க முடியாது.

அழிக்கும்போது முதலில் போக வேண்டியவை, விலை இருபுறமும் பலமுறை கடந்து குளோஸ் ஆன பட்டைகள். ஒரு பட்டையின் ஊடாக மூன்று நான்கு முறை மேலும் கீழும் போய் வந்துவிட்டால் அங்கே யாரும் காத்திருக்கவில்லை என்று அர்த்தம். பிறகு, நான்காவது கேள்வியில் சொன்ன தூர அளவைத் தாண்டாத திருப்பங்களை நீக்குங்கள். மிஞ்சியவற்றில் இன்றைய விலைக்கு அருகே இருப்பவை போதும்.

விலை பட்டைக்கு வெளிய போயிட்டுத் திரும்பி வந்துடுச்சு. இது உடைஞ்சதா இல்லையா?

டெய்லி கேண்டில் பட்டைக்கு வெளியே குளோஸ் ஆகும் வரை உடைந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மதியம் ஒரு மணிக்கு விலை வெளியே நிற்பதைப் பார்த்து முடிவெடுத்தால், மூன்றரை மணிக்குக் கேண்டிலின் வடிவமே மாறியிருக்கும்.

18,812–18,888 பட்டையில் 2023 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். ஜூன் 21 அன்று விலை பட்டைக்குள் நுழைந்து 18,857-இல் குளோஸ் ஆனது. உள்ளே வந்ததே தவிர, மேல் விளிம்பைத் தாண்டவில்லை. மறுநாள் மறுபடியும் மேல் விளிம்பு வரை போய், 18,771-க்கு இறங்கி முடிந்தது. அதற்கடுத்த நாள் 18,666. இந்த இறக்கத்தைப் பார்த்தால் ரெசிஸ்டன்ஸ் வென்றதாகத்தான் தோன்றும். ஜூன் 28 அன்று நிஃப்டி பட்டைக்கு மேலே திறந்து, 18,972-இல் குளோஸ் ஆனது. மேல் விளிம்பிலிருந்து 84 புள்ளி விலகி நிற்கிறது. உடைந்தது என்று சொல்ல வேண்டிய நாள் இதுதான். ஒன்றிரண்டு புள்ளி மட்டும் தாண்டிக் குளோஸ் ஆனால் இன்னொரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

உடைஞ்ச ரெசிஸ்டன்ஸ் சப்போர்ட்டா மாறும்னு சொல்றாங்க. நிஜமா நடக்குமா?

நடக்கும், எப்போதும் அல்ல. மேலே உடைந்த அதே பட்டையை அழிக்காமல் வைத்திருங்கள். ஜூன் 28-க்குப் பிறகு நிஃப்டி ஏறி செப்டம்பர் 15 அன்று 20,222 வரை போனது. அதற்கப்புறம் இறங்கத் தொடங்கி, அக்டோபர் 26 அன்று 18,838 வரை வந்து 18,857-இல் முடிந்தது. பத்து மாதத்துக்கு முன் வரைந்த பட்டைக்குள்ளேயே லோவும் குளோசிங்கும் அடங்கின, கீழ் விளிம்பான 18,812 உடையவில்லை. மறுநாள் குளோசிங் 19,047.

இதில் கவனிக்க வேண்டியது காலம். உடைந்த பிறகு பட்டைக்கு மறுபடி வர நான்கு மாதம் ஆனது. "உடைந்ததும் ஒருமுறை திரும்பி வந்து தொட்டுவிட்டுத்தான் போகும்" என்று அடுத்த வாரமே எதிர்பார்த்தவர்கள் ஆயிரம் புள்ளிக்கு மேலான ஏற்றத்தை வெறுமனே பார்த்திருக்க வேண்டியதுதான்.

தோற்கும் பட்டையும் உண்டு. 2024 நவம்பர் 21 அன்று 23,263-இல் திரும்பிய நிஃப்டி 23,350-இல் குளோஸ் ஆனது, அதுவே ஒரு சப்போர்ட் பட்டை. 2025 ஜனவரி 13 அன்று 23,086-இல் குளோஸ் ஆகி அது உடைந்தது. அடுத்த இரண்டு வாரம் மேலே ஏற முயன்றபோதெல்லாம் அந்தப் பகுதியில் தடுமாறியது. ஆனால் பிப்ரவரி 4 அன்று 23,739-இல் குளோஸ் ஆகி, ரெசிஸ்டன்ஸாகவும் அது நீடிக்கவில்லை. இப்படி இருபுறமும் கடக்கப்பட்ட பட்டையை நம்பி அடுத்த முடிவை எடுக்க வேண்டாம்.

நானும் என் ஃப்ரெண்டும் ஒரே பங்குலதான் வரையறோம். விலை ஏன் வேற வேறயா வருது?

மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, நீங்கள் NSE விலையும் அவர் BSE விலையும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டு, டிவிடெண்டுக்கு ஏற்பப் பழைய விலைகளைக் குறைத்துக் காட்டும் அமைப்பு ஒருவரிடம் மட்டும் இயங்கும். TradingView-இல் சார்ட்டின் கீழ் மூலையில் `ADJ` என்று இருப்பது இதுதான். நிறைய டிவிடெண்ட் தரும் பங்குகளில் இதனால் பட்டை கணிசமாக இடம் மாறும். மற்றவர்கள் நினைவில் வைத்திருப்பது உண்மையில் வர்த்தகமான விலையைத்தான், அதனால் இதை அணைத்துவிட்டு வரைவது நல்லது.

மூன்றாவது காரணம் போனஸ் அல்லது ஸ்ப்ளிட். ரிலையன்ஸ் 2024 அக்டோபரில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தபோது விலை பாதியானது. ஆப் பழைய கேண்டில்களைத் தானாகவே பாதியாக்கிவிடும், ஆனால் நீங்கள் எண்ணாக எழுதி வைத்த பட்டை பழைய விலையிலேயே அந்தரத்தில் நிற்கும். போனஸ் தேதிக்குப் பிறகு புதிதாக வரைந்துவிடுங்கள்.

இவை எதுவுமே இல்லாமல் குளோசிங் மட்டும் ஓரிரு ரூபாய் வேறுபட்டால், ஒரு ஆப் கடைசி வர்த்தக விலையையும் இன்னொன்று எக்ஸ்சேஞ்சின் அதிகாரப்பூர்வக் குளோசிங்கையும் காட்டுவதால் இருக்கலாம். நாம் எடுத்துக்கொண்ட ஆண்டுகளில் NSE அதைக் கடைசி அரை மணி நேர வர்த்தகத்தின் எடையிட்ட சராசரியாகக் கணக்கிட்டது. பட்டை வரைய இந்தச் சிறு வேறுபாடு பொருட்டில்லை.

வரலாற்று உச்சத்துக்கு மேல போயிட்டா ரெசிஸ்டன்ஸை எங்க வரையறது?

வரையாதீர்கள். அங்கே இதுவரை யாரும் வாங்கி மாட்டவில்லை, ஆகவே திரும்பிய விலை என்று குறிக்க எதுவும் கிடையாது. 20,000 போன்ற முழு எண்களில் ஆர்டர்கள் சேர்வது உண்மைதான், 2023 ஜூலையில் நிஃப்டி 19,992 வரை போய்ப் பின்வாங்கியது. அதை ஒரு மெல்லிய கோடாக வேண்டுமானால் குறித்துவைக்கலாம். கீழே இருக்கும் சப்போர்ட் பட்டைகளில் கவனம் வையுங்கள், புதிய உச்சி ஒன்று உருவாகித் திரும்பிய பிறகு ரெசிஸ்டன்ஸை வரைந்துகொள்ளலாம்.

நான் வரைஞ்சது சரியான்னு எப்படிச் சோதிக்கிறது? நடந்து முடிஞ்ச சார்ட்ல எல்லாமே சரியாத்தானே தெரியும்?

அதற்குத்தான் எதிர்காலத்தை மறைத்துவிட்டு வரைய வேண்டும். TradingView-இல் `Replay` பொத்தானை அழுத்தி, சார்ட்டை 2022 டிசம்பர் கடைசிக்குக் கொண்டுபோங்கள். அதற்குப் பிந்தைய கேண்டில்கள் மறைந்துவிடும். அதுவரை தெரிவதை மட்டும் வைத்து மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பட்டை வரையுங்கள். விளிம்பு விலைகளைத் தாளில் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் பிறகு நைசாக நகர்த்தத் தோன்றும்.

பிறகு ஒவ்வொரு கேண்டிலாக முன்னே நகர்த்துங்கள். பட்டைக்குள் விலை வரும் ஒவ்வொரு முறையும் மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: எந்த விலை வரை உள்ளே போனது, எங்கே குளோஸ் ஆனது, அடுத்த பத்து நாளில் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது. மார்ச் மாதம் வரும்போது பட்டையைத் திருத்தலாம், ஆனால் பள்ளம் முடிந்து விலை மேலேறிய பிறகுதான். நிஃப்டியில் முடித்ததும் உங்களுக்குப் பழக்கமான இரண்டு பெரிய பங்குகளில் இதையே செய்யுங்கள். உங்கள் பட்டைகளை விலை சொல்லிவைத்தாற்போல இரண்டு மூன்று புள்ளியில் தவறவிட்டுக்கொண்டே இருந்தால் மிகக் குறுகலாக வரைகிறீர்கள். உள்ளே வந்து பல நாள் அலைந்துகொண்டே இருந்தால் மிக அகலமாக வரைகிறீர்கள்.